150ஆ, 210ஆ? மொடிக்லியானி-மில்லர் கணக்கில் தடுக்கிய அனுபவங்கள்

வெள்ளவத்தை மாணவி

போன சனிக்கிழமை மாலை வகுப்பில் மாதிரிப் பரீட்சை. கடனே இல்லாத ஒரு கம்பனி. வட்டிக்கும் வரிக்கும் முந்திய இலாபம் வருடா வருடம் 100 மில்லியன் ரூபாய், என்றைக்கும் மாறாது. பங்காளர் எதிர்பார்க்கும் விளைவு 20%. இப்போது 10% வட்டிக்கு 200 மில்லியன் கடன் வாங்கி, அந்தக் காசில் பங்குகளைத் திருப்பி வாங்குகிறது. கடனும் நிரந்தரம். பங்கு மூலதனச் செலவு என்ன, முதலில் வரி இல்லாமல், அப்புறம் 30% வரியோடு.

முதல் பகுதி எனக்குச் சரி. 100ஐ 20%ஆல் வகுத்தால் கம்பனி 500, கடன் போகப் பங்கு 300, செலவு 26.67%. இரண்டாவதில் வரி போன 70ஐ வகுத்து 350 எடுத்தேன். அதில் 200ஐக் கழித்துப் பங்கு 150 என்று போட்டேன். 29.33% வந்தது. தாள் திரும்பி வந்தபோது 150ஐச் சுற்றிச் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். சூத்திரம் சரியாகத்தானே எழுதியிருக்கிறேன்:

Ke = Ku + (Ku − Kd)(1 − T)D/E

Ke கடன் வந்தபின் பங்காளர் எதிர்பார்க்கும் விளைவு, அதுதான் பங்கு மூலதனச் செலவு. Ku கடன் இல்லாதபோது அவர்கள் எதிர்பார்க்கும் விளைவு, Kd வட்டி வீதம், T வரி வீதம், D கடன், E பங்கின் பெறுமதி. இதே இடத்தில் வேறு யாராவது விழுந்திருக்கிறீர்களா?

தெஹிவளை ரிஸ்வான்

நானும் விழுந்தேன் தங்கச்சி. 350 என்பது கடன் இல்லாத கம்பனியின் பெறுமதி. கடன் வந்ததும் வட்டியால் மிச்சமாகும் வரி, 200இல் 30%, அதாவது 60, அதோடு சேர வேண்டும். கம்பனி 410, பங்கு 210. சூத்திரத்தில் E என்பது இந்த 210. எப்படியும் விடை வரி இல்லாததைவிடக் குறைவாகத்தான் வரும், (1 − T) நடுவில் நின்று குறைக்கிறதே.

புறக்கோட்டைக் கடை

நான் இதெல்லாம் படித்தவன் இல்லை. மாமாவின் புடவைக் கடையை என் பெயரில் நடத்துகிறேன். தீபாவளிச் சரக்குக்கு வங்கியில் கடன் எடுத்தேன். அப்படியானால் கடன் கூடக்கூட என் கடையின் பெறுமதியும் கூடும் என்கிறீர்களா?

கொட்டாஞ்சேனை ஆசிரியர்

கடைத் தம்பிக்கு முதலில். நீங்கள் கடன் வாங்கிப் புதுச் சரக்கு எடுத்தீர்கள், வியாபாரமே மாறிவிட்டது. இந்தக் கணக்கில் வியாபாரம் அப்படியே இருக்கிறது, பங்காளரின் காசு இருந்த இடத்தில் கடன்காரனின் காசு வருகிறது, அதனால் மட்டும் என்ன மாறும் என்பதே கேள்வி. அதோடு உங்கள் கடை கம்பனியும் இல்லை, கம்பனி வரிச் சூத்திரம் அதற்குப் பொருந்தாது.

ரிஸ்வான், 210 சரி. ஆனால் ‘குறைவாகத்தான் வரும்’ என்பதைப் போட்டுப் பாருங்கள். 20 + 10 × 0.7 × 200 ÷ 210, விடை 26.67%. வரி இல்லாமல் வந்த அதே எண்! பங்காளருக்குப் போகும் காசும் பங்கின் பெறுமதியும் ஒரே அளவில், 0.7 ஆகச் சுருங்கியிருக்கின்றன: காசு 80இலிருந்து 56, பங்கு 300இலிருந்து 210. கடன் தொகையாகத் தந்தால் இப்படி. கடனுக்கும் பங்குக்குமான விகிதத்தைத் தந்து அதையே இரண்டு பகுதியிலும் வைக்கச் சொன்னால், நீங்கள் சொல்வதுபோல் குறையும்.

தங்கச்சி, உங்கள் பிழையை நீங்களே பிடித்திருக்கலாம். வட்டி 20 போக 80, வரி போக 56. அதை 150ஆல் வகுத்தால் 37.33%. சூத்திரமோ 29.33% என்கிறது. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் E பிழை. 210ஆல் வகுத்துப் பாருங்கள், 26.67% நேரே வந்து நிற்கும். என் வகுப்பில் இந்த ஒரு வரியை எழுதாமல் யாரையும் அடுத்த பகுதிக்குப் போக விடுவதில்லை. மொடிக்லியானியும் மில்லருமே 1958இல் எழுதிய வரிப் பகுதியை 1963இல் திருத்தி எழுதினார்கள். இது இலேசில் வழுக்கும் இடம்தான்.

வெள்ளவத்தை மாணவி

இப்போதே பென்சிலால் போட்டுப் பார்த்தேன் சேர், 26.67. சராசரி மூலதனச் செலவு 70 ÷ 410, அதாவது 17.07% வருகிறது. வரி இல்லாமல் 20%ஆகவே இருந்தது. சரிதானே?

கொட்டாஞ்சேனை ஆசிரியர்

சரி. கடனின் பலன் தெரிவது அங்கேதான்.

தெஹிவளை ரிஸ்வான்

விகிதம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன் சேர். இன்னொன்று. அந்த 60, வருடத்துக்கு 6 மில்லியன் வரிச் சேமிப்பை 10%ஆல் வகுத்து வந்தது. நான் வேலை செய்யும் இடத்தில் கடன் ஒரே தொகையில் நிற்பதில்லை, வியாபாரத்தோடு ஏறி இறங்கும். அப்போது அந்தச் சேமிப்பும் வியாபாரத்தைப் போலவே நிச்சயமில்லாதது. 20%ஆல் வகுத்தால் 30தான். கம்பனி 380 ஆகிவிடும்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்

கடன் நிரந்தரம் என்று கேள்வி சொன்னால் 60, பரீட்சையில் மறுபேச்சில்லை. உங்கள் கம்பனிக்கு நானும் 60 போடமாட்டேன். 30ஆ, நடுவில் ஒன்றா என்பது கடன் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது என்பதைப் பொறுத்தது. அந்த விபரம் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.