குணகங்களின் கூட்டுத்தொகை ஒன்றா? கைக்கணக்கும் ஆர் தரும் விடையும் முரண்படுகின்றன

கேள்வி கேட்டவர்:
வணக்கம். 25 ஆலைகளின் தரவில் காப்-டக்ளஸ் உற்பத்திச் சார்பைப் பொருத்தினேன். உழைப்பின் குணகம் 0.62, திட்டப்பிழை 0.08, மூலதனத்தின் குணகம் 0.29, திட்டப்பிழை 0.07. கூட்டுத்தொகையான 0.91 ஒன்றிலிருந்து உண்மையிலேயே வேறுபடுகிறதா என்று அறிய, திட்டப்பிழைகளை வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்து 0.106 பெற்றேன், 0.09-ஐ அதனால் வகுத்தால் 0.85தான் வருகிறது. ஆனால் கீழுள்ள கட்டளை p மதிப்பு 0.02 என்கிறது.

```
m <- lm(lnY ~ lnL + lnK, data = d)
library(car)
linearHypothesis(m, "lnL + lnK = 1")
```

முதல் மறுமொழி:
உங்கள் கணக்கில் பிழை தெரியவில்லை. அந்தக் கட்டளை `lm` மாதிரிக்கு இயல்பாக எஃப் சோதனையையே தரும். `test = "Chisq"` என்று சேர்த்தால் வால்டு அளவை கிடைக்கும். முரண்பாடு அங்கிருந்துதான் வருகிறது என்று கருதுகிறேன்.

இரண்டாம் மறுமொழி:
எஃப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் காரணம் அதுவன்று. கட்டுப்பாடு ஒன்றே ஒன்று என்பதால் அளவையின் மதிப்பு இரண்டிலும் ஒன்றுதான். P மட்டும் சற்று நகரும். விடுபட்டது இரு மதிப்பீடுகளுக்கு இடையிலான உடன்மாறுபாடு. ஆள்பலம் மிகுந்த ஆலையில் இயந்திரமும் மிகுதியாக இருப்பதால், உழைப்பின் குணகம் கூடினால் மூலதனத்தின் குணகம் குறைந்து ஈடுசெய்கிறது. `vcov(m)` என்று இட்டு, மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள எண்ணைச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
-0.0050 என்று இருக்கிறது.

இரண்டாம் மறுமொழி:
அப்படியானால் கூட்டுத்தொகையின் மாறுபாடு 0.0064 + 0.0049 − 0.0100 = 0.0013. விலகலின் வர்க்கமான 0.0081-ஐ அதனால் வகுத்தால் வால்டு அளவை 6.23. கை-வர்க்கப் பரவலில் p ஏறத்தாழ 0.0125, 22 கட்டின்மைக் கூறுகளுடைய எஃப் பரவலில் 0.02. 25 ஆலைகளே இருப்பதால் நான் எஃப் மதிப்பையே எழுதுவேன். ஐயமிருந்தால் மாதிரியை இப்படி மாற்றி எழுதிப் பாருங்கள்; `lnL` வரிசையில் -0.09-உம் திட்டப்பிழை 0.036-உம் நேராகத் தெரியும்.

```
lm(I(lnY - lnL) ~ lnL + I(lnK - lnL), data = d)
```

இரு குணகங்களும் சமமா என்று கேட்டால் அதே உடன்மாறுபாடு எதிர்த்திசையில் வேலை செய்யும்: மாறுபாடு 0.0213 ஆகிவிடும், அளவை 5.11. உங்கள் கைக்கணக்கு அங்கே 9.6 என்று மிகைப்படுத்தியிருக்கும்.

மூன்றாம் மறுமொழி:
எனக்கும் இதே சிக்கல்தான். இரு குணகங்களின் பெருக்கல் ஒன்றா என்று சோதித்தபோது ஒரு விடையும், ஒன்று மற்றொன்றின் தலைகீழா என்று சோதித்தபோது வேறு விடையும் வந்தன. உடன்மாறுபாட்டைச் சேர்த்தும் மாறவில்லை.

இரண்டாம் மறுமொழி:
அது வேறு சிக்கல். உங்கள் கட்டுப்பாடு நேரியலானதன்று. அதை எழுதும் வடிவத்தைப் பொறுத்து வால்டு அளவை மாறத்தான் செய்யும். நீங்கள் தகவு விகிதச் சோதனைக்குப் போவது நல்லது.

கேள்வி கேட்டவர்:
நன்றி, மாற்றி எழுதிய மாதிரி -0.09-ஐத் தந்துவிட்டது. ஆனால் பெரிய ஆலைகளில் எச்சங்கள் விரிந்து தெரிவதால் `white.adjust = "hc3"` சேர்த்தேன், p 0.07 ஆகிறது. எதை எழுதுவது?

இரண்டாம் மறுமொழி:
இரண்டையும் எழுதுங்கள். 25 ஆலைகளை வைத்து ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க எனக்குத் துணிவில்லை. விரிவுக்குக் காரணமான ஆலைகள் ஒன்றிரண்டுதானா என்று முதலில் பாருங்கள்.