நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய தழும்பு, யாருக்காவது அனுபவம் இருக்கிறதா?

ஹட்டன் பக்கம் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். தங்கச்சி சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போக மெடிக்கல் எடுத்தாள், இரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் எல்லாம் சரி, ஆனால் எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் சின்ன வெள்ளைக் கோடு என்று 'அன்ஃபிட்' போட்டுவிட்டார்கள். 2016இல் காசநோய் வந்து ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மருந்து குடித்தவள். இப்போது சளியில் கிருமி இல்லை. நோய் போனாலும் தழும்பு நிற்குமாம், வளைகுடா நாடுகள் ஆறிய தழும்பையும் ஏற்பதில்லை என்று மார்புநோய் கிளினிக் டொக்டர் சொன்னார். ஏஜென்சிக்காரர் வேறு இடத்தில் எடுக்கலாம், காசு தாருங்கள் என்கிறார். தழும்பு எங்கே எடுத்தாலும் தெரியும்தானே?

பழைய படமும் சிகிச்சை அட்டையும் பத்திரமாக இருக்கின்றன. இரண்டு படத்தையும் ஒப்பிட்டு, தழும்பு மாறவில்லை என்று கடிதம் வாங்கி வேறு நாட்டுக்குப் போனவர்கள் இருந்தால் எந்த நாடு, யாரிடம் கடிதம் வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.