'பஞ்ச்சியா மாத்துங்க': ஆசிரியர் குறிப்பும் ஒரு கலைச்சொல்லும்

மதி எழுதியது:

வணக்கம். எங்கள் பதிப்பகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சின்னதாக ஒரு கையேடு எழுதுகிறோம். பின்னட்டை ஆசிரியர் குறிப்பு பற்றிய பகுதியில் நின்றுவிட்டேன். குறிப்பை அனுப்பும் ஆசிரியர்கள், "கொஞ்சம் பஞ்ச்சியா மாத்திடுங்க" என்று மட்டும் சொல்கிறார்கள். அந்த 'பஞ்ச்சி'க்கு ஒரு சொல் தேவை. அதைவிட அவசரமாக இன்னொன்றும் தேவை. அந்த விருப்பத்தைப் பிரித்து, 'இந்த வாக்கியத்தில் இதை எடு, இதை முன்னால் கொண்டு வா' என்று ஓரத்தில் எழுதுகிறோமே, அந்த வேலைக்கு ஒரு பெயர். இப்போதைக்கு 'லைன் எடிட்' என்றே எழுதுகிறோம்.

கையில் இருக்கும் குறிப்பு இது. ஆசிரியர் சம்மதத்தோடு, பெயரை எடுத்துவிட்டுத் தருகிறேன். புத்தகம் கண்மாய்களைப் பற்றியது.

"பொறியாளர் அவர்கள் மதுரை மாவட்டத்தில் பிறந்து, பொறியியல் பட்டம் பெற்று, பொதுப்பணித் துறையில் பல்வேறு பொறுப்புகளில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர் ஆவார். நீர்நிலைகள் மீது தீராத ஆர்வம் கொண்ட இவர், பல கண்மாய்களை நேரில் பார்வையிட்டுத் தகவல்களைச் சேகரித்து வருகிறார். இவரது கட்டுரைகள் பல்வேறு இதழ்களில் வெளியிடப்பட்டுள்ளன."

சேது எழுதியது:

'செறிவு' இருக்கும்போது புதுச் சொல் எதற்கு? பஞ்ச்சி என்றால் சுருக்கம்தான். பாதியாகக் குறைத்தால் வேலை முடிந்தது: "மதுரை மாவட்டத்தவர். பொறியாளர். பணி ஓய்வு பெற்றவர். நீர்நிலை ஆர்வலர். கட்டுரையாளர்." செய்யும் வேலைக்கு 'வரித் திருத்தம்' சரியாக வரும்.

பாண்டியன் எழுதியது:

ஐயா, பஞ்ச் என்றால் நினைவில் நிற்கும் ஒரு வரி வேண்டும் அல்லவா? என் மகள் வேலை தேடும்போது அவளுடைய இணையப் பக்கத்தில் 'சவால்களை வாய்ப்புகளாக மாற்றுபவர்' என்று மேலே ஒரு வரி வைத்தோம், எடுப்பாக இருந்தது. இவருக்கும் 'நீரின் காவலர்' என்று ஒன்று வைக்கலாமே. 'பஞ்ச்சி'க்கு 'முத்திரை வரி' என்பது என் பரிந்துரை.

கோதை எழுதியது:

சேது சொல்வதில் பாதி சரி. இந்தக் குறிப்பு குறையத்தான் வேண்டும். ஆனால் அவர் குறைத்த பிறகும் 'நீர்நிலை ஆர்வலர்' அப்படியே நிற்கிறது. 'தீராத ஆர்வம் கொண்டவர்' சொல்லாத எதையும் அது சொல்லவில்லை. ஐந்து வாக்கியமும் '-அர்' என்று முடிவதால் வாசித்தால் வருகைப் பதிவேடு போலக் கேட்கிறது. பாண்டியன் ஐயா சொன்ன 'நீரின் காவலர்' மேலும் தள்ளிப்போகிறது. கண்மாய்ப் புத்தகம் எழுதிய யார் பெயருக்குக் கீழேயும் அதை ஒட்டலாம். ஒரு வாக்கியத்தை இன்னொருவர் குறிப்பில் வைத்தாலும் பொருந்துகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். பொருந்தினால் அந்த வாக்கியத்தில் நமக்கு இன்னும் வேலை இருக்கிறது.

'பஞ்ச்சியாக இல்லை' என்று ஆசிரியர் சொல்லும்போது எங்கே தொய்கிறது என்று அவருக்குத் தெரிவதில்லை. நாம்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். தமிழில் நான் முதலில் பார்ப்பது வாக்கியத்தின் வால். வினைமுற்று கடைசியில் வருவதால் வாசிப்பவர் அங்கேதான் மூச்சு விடுகிறார். மூன்று வாக்கியங்களும் எங்கே முடிகின்றன பாருங்கள்: 'ஆவார்', 'சேகரித்து வருகிறார்', 'வெளியிடப்பட்டுள்ளன'. எதிலும் இந்த மனிதர் இல்லை.

அப்புறம் முதல் வாக்கியம். பிறந்து, பெற்று, பணியாற்றி என்று எச்சங்களைச் சங்கிலியாகக் கோக்கும்போது பிறந்ததற்கும் 31 வருட வேலைக்கும் ஒரே எடை கிடைக்கிறது. புத்தகத்துக்குத் தொடர்பு வேலைக்குத்தான். ஆகவே ஓரத்தில் நான் எழுதுவது: 'பிறந்து', 'பெற்று' இரண்டையும் எடு; 31 ஆண்டுகளை வாக்கியத்தின் தலைக்குக் கொண்டு வா; 'பல்வேறு பொறுப்புகளில்' என்பதை எடு; 'ஓய்வு பெற்றவர்' என்பதே முழு வாக்கியம், 'ஆவார்' வேண்டாம்.

இரண்டாம் வாக்கியத்தை நம்மால் திருத்த முடியாது, சரக்கு ஆசிரியரிடம் இருக்கிறது. மதி, அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: கண்மாய்க்குப் போனதும் முதலில் என்ன செய்வீர்கள்? மூன்றாவதற்கு, இதழின் பெயர் தந்தால் போடுவோம், இல்லையென்றால் அந்த வாக்கியமே வேண்டாம்.

மதி எழுதியது:

கேட்டேன். அளவுநாடாவை எடுத்து மடையை அளப்பாராம். பிறகு படம் வரைந்துகொண்டு, ஊரில் நீர்கட்டியாக இருந்தவர் யாராவது உண்டா என்று விசாரிப்பாராம். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று அவர்கள் எப்படி முடிவு செய்தார்கள் என்பதுதான் புத்தகமே என்றார். குறிப்பில் இதில் ஒரு சொல்கூட இல்லை! இதழ்கள் இரண்டும் நின்றுபோனவை, விட்டுவிடுங்கள் என்றார்.

கோதை எழுதியது:

அப்படியானால் இப்படி வரும்:

"31 ஆண்டுகள் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு ஊர் ஊராகப் போய்க் கண்மாய் மடைகளை அளந்து படம் வரைகிறார். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை நீர்கட்டிகள் எப்படி முடிவு செய்தார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதியிருக்கிறார்."

மூன்றாவது வாக்கியம் நீளமானது. அதை வெட்டவில்லை, வெட்டினால் சேதுவின் ஐந்து துண்டுகள் போல ஆகிவிடும். ஒன்றை மட்டும் உறுதிசெய்ய வேண்டும். 'வரைகிறார்' என்று நிகழ்காலத்தில் போட்டிருக்கிறேன். அந்த வேலையை அவர் நிறுத்திவிட்டிருந்தால் 'வரைந்தார்' என்று மாற்ற வேண்டும். ஓசைக்காகக் காலத்தை மாற்றிவிட்டால் குறிப்பு பொய்யாகிவிடும், அச்சான பிறகு ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பெயருக்கு வருகிறேன். 'வரித் திருத்தம்' எனக்கு ஒத்துவரவில்லை. எழுத்தளவு மாறினால் வரி மாறும். நாம் தொடுவது வாக்கியத்தை. 'திருத்தம்' என்றாலோ பிழை செய்துவிட்டோமோ என்று ஆசிரியர் சுருங்கிப்போகிறார். இந்தக் குறிப்பில் பிழை எதுவும் இல்லை. 'வாக்கியச் செப்பம்' என்பது என் முன்மொழிவு. 'பஞ்ச்சி'க்குச் சொல் தேடுவதை நான் விட்டுவிட்டேன். அது ஆசிரியரின் மனக்குறை. அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் எதை மாற்றுவது என்று தெரியப்போவதில்லை.

சேது எழுதியது:

குறிப்பை ஏற்றுக்கொள்கிறேன், என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. சொல்லை ஏற்க முடியவில்லை. காப்பி எடிட்டிங்கை நம்மில் பலர் 'செம்மையாக்கம்' என்கிறோம். பக்கத்திலேயே 'செப்பம்' வந்தால் புதிதாக வருபவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படும். 'வாக்கியச் சீரமைப்பு' என்றால் குழப்பம் இருக்காது. 'பஞ்ச்சி'க்கும் சொல் கட்டாயம் வேண்டும். ஆசிரியர் அந்தச் சொல்லோடுதான் வருகிறார், கையேட்டில் தேடினால் அது கிடைக்க வேண்டும்.

பாண்டியன் எழுதியது:

வாசித்தேன். மகளின் பக்கத்தில் இருக்கும் வரி எந்த மகளுக்கும் பொருந்தும் என்று இப்போது தெரிகிறது. அவள் ஒரு மருந்துக் கிடங்கில் காலாவதி ஆகும் சரக்கைக் கணக்குப் பார்த்து முன்கூட்டியே அனுப்பும் முறையைக் கொண்டுவந்தவள், அதைப் போடச் சொல்லப்போகிறேன். ஒரு வருத்தம் மட்டும் உண்டு. இத்தனை வருடம் அரசுப் பணி பார்த்தவருக்கு 'அவர்கள்' போய்விட்டதே, குறைவாகத் தெரியாதா?

கோதை எழுதியது:

'வரைகிறார்' என்பதிலேயே மரியாதை இருக்கிறது ஐயா. 'அவர்கள்' விழா மேடையில் இன்னொருவர் சொல்வது. இந்தக் குறிப்பை எழுதியது ஆசிரியரே என்று வாசகருக்குத் தெரியும், அதனால் அங்கே உறுத்துகிறது. ஆனாலும் அவர் கேட்டால் வைத்துவிடுவோம், அவருடைய குறிப்பு.

சேது, 'சீரமைப்பு' என்றதும் எனக்குச் சாலைப் பணிதான் நினைவுக்கு வருகிறது. என்றாலும் செம்மையாக்கத்தோடு மோதும் என்று நீங்கள் சொன்னது நியாயம்.

மதி எழுதியது:

ஆசிரியரிடம் வாசித்துக் காட்டினேன். இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறாராம், 'வரைகிறார்' நிற்கலாம். 'அவர்கள்' வேண்டாம் என்றுவிட்டார். 'மதுரை' மட்டும் திரும்ப வேண்டுமாம், அளந்த மடைகளில் பெரும்பாலானவை அங்கேதான் என்கிறார். "ஊர் ஊராகப் போய்" என்ற இடத்தில் "மதுரைச் சுற்றுவட்டாரத்தில்" என்று போடுகிறேன்.

கையேட்டில் 'வாக்கியச் செப்பம்', 'வாக்கியச் சீரமைப்பு' இரண்டையும் போட்டு, ஓரக் குறிப்புகளோடு இதையே எடுத்துக்காட்டாக வைக்கிறேன். 'பஞ்ச்சி' அகரவரிசையில் அப்படியே இருக்கும், எதிரே இந்தப் பக்கத்தின் எண் வரும். அடுத்து ஒரு கவிஞரின் குறிப்பு காத்திருக்கிறது. முதல் தொகுப்பு. வேலை, விருது எதையும் சொல்ல வேண்டாம் என்கிறார். பஞ்ச்சியாகவும் வேண்டுமாம். கோதை, அவரிடம் என்ன கேட்கலாம்?