கழுத்து நரம்பு புடைப்பு, நுரையீரல் சுத்தம்: எந்த ஷாக்?

வணக்கம். ஷாக் கேஸ்களில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தவறுகிறேன், கொஞ்சம் உதவுங்கள்.

நேற்றைய கேள்வி: 58 வயது, இன்ஃபீரியர் எம்ஐ. பிபி 80/50, கைகால் சில்லென்று இருக்கிறது, ஜேவிபி ஏறியிருக்கிறது, நுரையீரலில் கிரெப்ஸ் இல்லை. வலது ஏட்ரிய அழுத்தம் 16, வெட்ஜ் 10. கார்டியோஜெனிக் என்று வகைப்படுத்தி, திரவம் கூடாது என்று குறித்தேன். வகை சரி, முதல் படி தப்பு. வெட்ஜ் 18க்கு மேல் போகும் இடது பக்கத் தோல்வியை மட்டும் மனதில் வைத்திருந்தேன். இது வலது வென்ட்ரிக்கிள் இன்ஃபார்க்ஷன்; வி4ஆர் லீட் பார்த்து, நைட்ரேட்டைத் தவிர்த்து, 250 மி.லி. சலைன் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

சரி, டாம்பனேடிலும் இதே படம்தானே? அங்கே வலது ஏட்ரியமும் வெட்ஜும் கிட்டத்தட்டச் சமமாகும் என்பது தெரியும். பெரிய பல்மனரி எம்போலிசத்தில்தான் குழப்பம்: அங்கேயும் வலது பக்கம் உயர்வு, வெட்ஜ் சாதாரணம். நுரையீரல் தமனி அழுத்தம் கொடுத்தால் பிரித்துவிடுவேன், எம்போலிசத்தில் அது ஏறும். அந்த எண்ணும் ஈசிஜியும் இல்லாத கேள்வியில் எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள்?