விளம்பர இடத்தை ஏலத்தில் வாங்கும் டிஎஸ்பியில் பிட் 165 ரூபாய், ஆனால் 1000 இம்ப்ரெஷனுக்கு 200 ரூபாய் போகிறது. ஏன்?

கேள்வி
டிஸ்ப்ளே கேம்பெயின், பட்ஜெட் 1,00,000 ரூபாய். சிபிஎம் பிட், அதாவது 1000 இம்ப்ரெஷனுக்கு நான் போட்ட விலை, 165. பெரும்பாலான தளங்களில் ஃப்ளோர், அதாவது குறைந்தபட்ச விலை, 80 பக்கம்தான் என்பதால் 90, 100-க்குள் முடியும் என்று நினைத்தேன். 5 லட்சம் இம்ப்ரெஷனிலேயே பணம் தீர்ந்துவிட்டது. ரிப்போர்ட்டில் மீடியா காஸ்ட் சராசரி 160. எங்கே தவறு?

பதில் 1
ஜெயித்தவர் இரண்டாவது பிட்டைவிட ஒரு பைசா கூடக் கொடுத்தால் போதும். 160 வந்தால் எதிரே 159-க்கு ஒருவர் இருந்திருக்கிறார். போட்டி அதிகம், அவ்வளவுதான்.

பதில் 2
அது பழைய கணக்கு. கூகுள் ஆட் மேனேஜர் 2019-லேயே முதல் விலை ஏலத்துக்கு மாறிவிட்டது, ஏலம் நடத்தும் மற்ற எக்ஸ்சேஞ்சுகளும் பெரும்பாலும் அப்படித்தான். பிட் ரிக்வெஸ்டிலேயே இது தெரியும்:

```json
"at": 1
```

1 என்றால் போட்ட விலையையே கட்ட வேண்டும். 2 என்றால்தான் இரண்டாவது விலை. எதிரே 90-க்கு ஒருவர் மட்டும் இருந்தாலும் நீங்கள் 165 கொடுத்திருப்பீர்கள். சராசரி பிட்டை ஒட்டியே நிற்பதுதான் அடையாளம். ஜெயிக்கத் தேவையான அளவுக்குப் பிட்டைத் தானாகக் குறைக்கும் பிட் ஷேடிங் அணைந்திருக்கும், பாருங்கள்.

மீதி 40 ரூபாய் ஏலத்துக்கு வெளியே சேர்வது. இன்வாய்ஸைப் பிரித்துப் பாருங்கள்.

கேட்டவர்
ஆமாம், ஷேடிங் ஆஃப். ஆடியன்ஸ் டேட்டாவுக்கு 24, பிளாட்ஃபார்ம் கட்டணம் மீடியாவில் 10 சதவீதம், அதாவது 16. மொத்தம் 200.

பதில் 3
எனக்கும் இதே பிரச்சினைதான். டிஎஸ்பியில் 5.6 லட்சம் வின், பில்லில் 5 லட்சம் இம்ப்ரெஷன். 60,000 எங்கே போனது?

பதில் 2
அது வேறு விஷயம். ஏலத்தில் ஜெயித்த பிறகு விளம்பரம் லோடாகும் முன்பே வாசகர் பக்கத்தை மூடிவிடலாம். வின் நோட்டீஸ் `nurl`, பில்லிங் நோட்டீஸ் `burl`. இரண்டும் வேறு வேறு. பில் இம்ப்ரெஷனுக்கு வந்திருந்தால் உங்கள் பணம் போகவில்லை. கிரியேட்டிவ் கனமாக இருந்தால் இந்த இடைவெளி கூடும்.

கேட்டவருக்கு: ஷேடிங்கைப் போடுங்கள். அதை நம்பவில்லை என்றால் லைனை இரண்டாகப் பிரித்து, ஒரே தளங்களில், ஒரே நேரத்தில், ஒன்றில் 165, மற்றதில் 120 வைத்து மூன்று நாள் ஓட்டுங்கள். வின் ரேட் கொஞ்சம்தான் குறைந்தால் இதுவரை வீணாகக் கொடுத்திருக்கிறீர்கள். தளவாரி ரிப்போர்ட்டையும் பார்த்துவிடுங்கள். பிட் குறைந்ததும் நல்ல தளங்கள் நழுவி, பக்கத்தின் அடியில் இருக்கும் இடங்கள் மட்டும் மிஞ்சும் ஆபத்து உண்டு.

பதில் 4
வியூவபிலிட்டி எவ்வளவு? பாதி பிக்சல் ஒரு நொடி திரையில் தெரிந்தால்தான் டிஸ்ப்ளேயில் பார்த்ததாகக் கணக்கு. திரைக்கு வராத இம்ப்ரெஷனுக்கும் காசு போகிறது.

கேட்டவர்
60 சதவீதம். அப்படியானால் 3 லட்சம்தான். 1000-க்கு 333 ரூபாய் ஆகிறது! அந்த 160-இல் தளத்துக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு?

பதில் 2
எக்ஸ்சேஞ்ச் தன் பங்கை அதிலிருந்துதான் எடுக்கும். உங்கள் டிஎஸ்பி திரையில் அது தெரியாது. தளத்துக்காரரிடம் நேரடியாகக் கேட்டால்தான் உண்டு.

பதில் 4
அந்த 24 ரூபாய் டேட்டா இல்லாமலும் ஒரு லைன் ஓட்டிப் பார்க்கலாமே?

கேட்டவர்
திங்கள்கிழமை மூன்று லைனாகப் பிரிக்கிறேன். எண்கள் வந்ததும் இங்கே போடுகிறேன்.