புதுப்பிப்பு: டிரில் துளைத்த சுவர்க்குழாய்

முன்பு நாங்கள் கேட்டது: “கண்ணாடி மாட்டும்போது டிரில் சுவருக்குள் இருந்த தண்ணீர்க்குழாயைத் துளைத்துவிட்டது. சுவரை உடைக்காமல் அடைக்க முடியுமா?”

முடியவில்லை. அன்று போர்டில் மின்சாரத்தை அணைத்து, துளையிலேயே ஒரு திருகைத் திருகினோம், பீய்ச்சல் சொட்டாகியது. அப்புறம் மாடித் தொட்டியின் கேட் வால்வை மூடி, கீழே உள்ள குழாயைத் திறந்து லைனை வடியவிட்டோம்.

எம்-சீல் போதும் என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. பிளம்பர் ஒத்துக்கொள்ளவில்லை: “இது சிபிவிசி அண்ணாச்சி, இப்ப நிக்கும், பிரஷர்ல பெயர்ந்துரும். வெளியே தெரியிற குழாய்னா வச்சுப் பாக்கலாம், சுவருக்குள்ள வேண்டாம்.”

துளையுள்ள பகுதியை வெட்டி, இரண்டு கப்ளருக்கு நடுவே புதுத் துண்டு வைத்தார். வெட்டிய முனைகளைச் சற்று முன்னுக்கு வளைத்தால்தான் கப்ளர் ஏறும். அதற்காகவே டைலுக்குப் பின்னால் நீளமாகக் கொத்த வேண்டியிருந்தது. உள்ளே தேங்கிய நீர் சொட்டிக்கொண்டே இருந்ததால், முனை காயும்வரை பசை தடவவில்லை. அவசரப்பட்டிருந்தால் மூட்டு கசிந்திருக்கும்.

சுவரைப் பூசாமல் விட்டு, மறுநாள் வால்வைத் திறந்து பார்த்தோம். கசிவில்லை.



உடைத்த டைலுக்குப் பதிலாக வைக்க அதே டைல் வண்ணார்பேட்டைக் கடைகளில் இன்னும் கிடைக்கவில்லை.