தள்ளுபடி விலையில் கம்பெனி ஷேர்: சேரலாமா?

புதுவரவு: ஆறு மாதம் சம்பளத்தில் பிடித்து, கடைசியில் 15% தள்ளுபடியில் ஷேர் தருகிறார்கள். முதல் நாள் விலை, கடைசி நாள் விலை, இரண்டில் குறைந்ததற்குத்தான் தள்ளுபடி. சேரலாமா?

கரைவேட்டி: வேண்டாம். சம்பளமும் அங்கே, சேமிப்பும் அங்கே என்றால் கம்பெனி ஆட்டம் கண்டால் இரண்டும் ஒன்றாகப் போகும். ஆறு மாதம் பணத்தை முடக்கி 15% என்பது, வரி போனால் பெரிய லாபமும் இல்லை.

பேரேடு: அபாயத்தைப் பற்றிச் சொன்னது சரி, கணக்குதான் இடிக்கிறது. 100 மதிப்புள்ளதை 85க்கு வாங்கினால் போட்ட பணத்துக்கு 17.6% வருகிறது. பணமும் மாதாமாதம்தான் போகிறது, முதல் மாதப் பிடித்தம் நெடுநாள் காத்திருந்தாலும் கடைசி மாதத்தது காத்திருப்பதே இல்லை, சராசரியாக மூன்று மாதத்துக்கும் குறைவு.

விலை இறங்கும் கதையையே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 100, முடிவில் 80. உங்களுக்கு 68க்குக் கிடைக்கும். தள்ளுபடியான 12ஐச் சம்பளமாகக் கருதி 30% வரி பிடித்தால் 3.6 போகும், அன்றே 80க்கு விற்றால் 8.4 மிச்சம். ஏறினால் இன்னும் நல்லது: முடிவில் 120 என்றாலும் 85க்குத்தான் வாங்குவீர்கள்.

மழைத்துளி: எனக்கும் கொடுத்தார்கள், விலை இறங்கியதும் வெறும் காகிதமாகப் போனது. நம்பாதீர்கள்.

பேரேடு: அது ஆப்ஷன் மாதிரி தெரிகிறது, முன்பே குறித்த விலையில் வாங்கும் உரிமை. சந்தை விலை அதற்குக் கீழே போனால் மதிப்பில்லை. இவர் கேட்பது வேறு.

கரைவேட்டி: "அன்றே விற்றால்" என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். ஷேர் கணக்கில் வர நாலைந்து நாள் ஆகிறது, ரிசல்ட் வரும் சமயம் விற்கவும் விடமாட்டார்கள்.

பேரேடு: நியாயமான கேள்வி, அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் வரியோடு உங்கள் அடக்கம் 71.6. அதாவது 80லிருந்து பத்தரை சதவீதம் விழும்வரை கைநஷ்டமில்லை, சில நாள் இடைவெளிக்கு இது பெரும்பாலும் போதும். ஆனால் ஒரு வருடம் விற்கக்கூடாது என்றோ, தள்ளுபடி வெறும் 5% என்றோ இருந்தால் நான் சேரமாட்டேன். தரகுக் கட்டணத்தையும் கேளுங்கள், சிறு தொகைக்கு அதுவே லாபத்தைத் தின்றுவிடும்.

புதுவரவு: விற்கத் தடையில்லை, மூன்று நாளில் கணக்கில் வருமாம். கிரெடிட் கார்டு பாக்கி கொஞ்சம் இருக்கிறது, அதற்கு வருடம் 36% வட்டி.

பேரேடு: மூன்று மாதத்துக்கு 9% என்று வைத்தாலும், வரி போக வரும் 12% சொச்சம் அதைவிட அதிகம். ஆனால் பிடித்தம் போக மாதச் செலவுக்கு இழுபறி வந்து மறுபடி கார்டைத் தேய்ப்பீர்கள் என்றால் சேராதீர்கள்.

கரைவேட்டி: நானாக இருந்தால் பாக்கியை முதலில் அடைப்பேன். விலை ஏறுகிற சமயத்தில் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று விற்காமல் உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதற்கு உங்கள் கணக்கில் இடமே இல்லை.